மிச்சத்திலிருந்து கழியும் கணக்கு



விருதுநகரிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன் 80,000 ரூபாய் ஷோரூம் விலைக்கு வாங்கிய ஸ்கூட்டரை இப்போது 45,000 ரூபாய்க்குக் கேட்கிறார்களாம். அப்படியானால் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் மதிப்பு குறைந்திருக்கிறது என்று வீட்டில் பேச்சு வந்திருக்கிறது. "35,000 ரூபாய் போயிருக்கிறது, அது 43.75 சதவீதம், நாலால் வகுத்தால் சுமார் 11" என்று அவருடைய அண்ணன் சொல்லியிருக்கிறார். எட்டாம் வகுப்பில் தேய்மானக் கணக்கு படிக்கும் மகளோ அந்த 11-ஐ வைத்து நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, "45,000 வரவில்லையே அம்மா, 50,000-க்கு மேலே நிற்கிறதே" என்றாளாம். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறார்.

மகள் சொல்வதுதான் சரி. அவள் போட்ட கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். முதல் ஆண்டு 80,000-இல் 11 சதவீதம், அதாவது 8,800 ரூபாய் கழிகிறது, மிச்சம் 71,200. இரண்டாம் ஆண்டு அந்த 11 சதவீதத்தை 71,200-க்குத்தான் எடுக்க வேண்டும், 80,000-க்கு அல்ல. அதனால் இந்த முறை 7,832 ரூபாய்தான் கழிகிறது. இப்படியே நான்கு ஆண்டுகள் போனால் கையில் நிற்பது ஏறத்தாழ 50,194 ரூபாய். சதவீதம் மாறவில்லை, அது எதன்மேல் எடுக்கப்படுகிறதோ அந்தத் தொகை ஆண்டுதோறும் சிறுத்துக்கொண்டே வருகிறது. பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது 'குறைந்து செல் மதிப்பு முறை'. அண்ணன் போட்டது 'நேர்க்கோட்டு முறை'. அதில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே தொகை கழியும். இரண்டும் வழக்கத்தில் உள்ள முறைகள்தான். ஒன்றில் கிடைத்த சதவீதத்தை இன்னொன்றில் போடும்போதுதான் ஐயாயிரம் ரூபாய் இடிக்கிறது.

அப்படியானால் உண்மையான சதவீதம் என்ன? இதற்கு ஒரு சாதாரணக் கால்குலேட்டர் போதும். இன்றைய விலையை வாங்கிய விலையால் வகுத்துக்கொள்ளுங்கள்: 45,000-ஐ 80,000-ஆல் வகுத்தால் 0.5625. நான்கு ஆண்டுகள் என்பதால் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். முதல் தடவை 0.75, இரண்டாம் தடவை 0.866 வரும். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும், அந்த ஆண்டின் தொடக்க மதிப்பில் 86.6 சதவீதம் மிஞ்சுகிறது என்பது இதன் பொருள். நூறிலிருந்து கழித்தால் தேய்மானம் 13.4 சதவீதம். முதல் ஆண்டில் 10,718 ரூபாயும், இரண்டாம் ஆண்டில் 9,282-ம், மூன்றாம் ஆண்டில் 8,038-ம், நான்காம் ஆண்டில் 6,962-ம் கழிகின்றன. கூட்டிப் பாருங்கள், சரியாக 35,000 வரும்.

இரண்டு ஆண்டு வண்டிக்கு வர்க்கமூலம் ஒரு தடவை, எட்டு ஆண்டு வண்டிக்கு மூன்று தடவை. மூன்று, ஐந்து என்று வந்தால் இந்தக் குறுக்குவழி உதவாது. அப்போது 14 சதவீதம் என்று வைத்து ஆண்டு ஆண்டாகக் கழித்துப் பாருங்கள். கடைசியில் நிற்கும் தொகை விற்கும் விலையைவிடக் குறைவாக இருந்தால் சதவீதத்தைக் குறையுங்கள், கூடுதலாக இருந்தால் ஏற்றுங்கள். இரண்டு மூன்று முயற்சியில் பிடிபட்டுவிடும்.

தொடக்க விலையாக எதை வைக்கிறோம் என்பதில் கவனம் தேவை. வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவர சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து மொத்தம் 96,000 ரூபாய் ஆகியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து கணக்குப் போட்டால் அதே வண்டியின் தேய்மானம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடும். வண்டி வேகமாகத் தேய்ந்துவிட்டதாக அதற்கு அர்த்தமில்லை. வரியும் பிரீமியமும் வாங்கிய அன்றே செலவாகிவிட்டவை. கையைவிட்டுப் போன பணம் எவ்வளவு என்று பார்க்க 96,000 சரி. வண்டியின் தேய்மானத்தைப் பார்க்க ஷோரூம் விலைதான் சரி.

வாசகி இன்னொன்றும் கேட்டிருக்கிறார். இன்சூரன்ஸ் பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை போட்டிருக்கிறதே, அதுதானே வண்டியின் விலை? அதை விற்கும் விலையாக நினைக்க வேண்டாம். வண்டி திருடுபோனாலோ சரிசெய்ய முடியாதபடி நொறுங்கினாலோ எவ்வளவு கிடைக்கும் என்பதற்கான வரம்பு அது. அதற்குத் தனி அட்டவணை உண்டு. ஒரு வயது கடந்த வண்டிக்கு 20 சதவீதம் கழிப்பார்கள். இரண்டு வயது கடந்தால் 30, மூன்று கடந்தால் 40, நான்கு கடந்து ஐந்து வரை 50. ஐந்துக்கு மேல் கம்பெனியும் நாமும் பேசி முடிவு செய்வது. இந்தச் சதவீதம் எல்லாமே அந்த மாடலின் ஷோரூம் விலையிலிருந்து எடுக்கப்படுவது, மிச்சத்திலிருந்து அல்ல. ஷோரூம் விலை மாறவில்லை என்றால் நான்கு வயது கடந்த இந்த ஸ்கூட்டருக்கு ஐ.டி.வி. 40,000 வரும், சந்தையில் கேட்பதோ 45,000. நூற்றுக்கு 80-இலிருந்து 70-க்கு இறங்கும்போது மிச்சத்தில் 12.5 சதவீதம் போகிறது, 60-இலிருந்து 50-க்கு இறங்கும்போது 16.7 சதவீதம் போகிறது. அதே பத்துதான், ஆனால் வண்டிக்கு வயது ஏற ஏற அது பெரிய பங்காகிவிடுகிறது.

சொந்தத் தொழிலுக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வருமானவரிக் கணக்கில் இரு சக்கர வாகனத்துக்கு 15 சதவீதம், அதுவும் மிச்சத்திலிருந்து. நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் வாங்கிய ஆண்டில் அதில் பாதி, 7.5 சதவீதம்தான். தீபாவளி முடிந்து நவம்பரில் வாங்கியவர்கள் முழு 15-ஐயும் எழுதிவிடக் கூடாது.

சந்தை இந்த 13.4-ஐ ஆண்டுதோறும் ஒரே சீராகக் கடைப்பிடிப்பதில்லை. அது ஒரு சராசரிதான். முதல் ஆண்டில் சரிவு இதைவிடச் செங்குத்தாக இருப்பது வழக்கம். ஷோரூமை விட்டு வெளியே வந்ததுமே 'புது வண்டி' என்ற பெயர் போய்விடுகிறது. ஆர்.சி.யில் இரண்டாவது, மூன்றாவது ஓனர் என்று ஏறும்போதும் விலை இறங்கும். பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அந்தக் கெடு நெருங்கிவிட்ட வண்டிக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. மின்சார ஸ்கூட்டரில் வண்டியின் வயதைவிட பேட்டரியின் நிலையைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள்.

இப்போது விற்பதா, இன்னும் ஓர் ஆண்டு ஓட்டுவதா என்பதுதான் வாசகியின் கடைசிக் கேள்வி. 45,000-இல் 13.4 சதவீதம் போனால் அடுத்த ஆண்டு சுமார் 39,000 கிடைக்கும். ஆக, ஓர் ஆண்டு வைத்திருப்பதற்கு ஆறாயிரம் ரூபாய் மதிப்பு குறைகிறது. இதனுடன் அந்த ஆண்டுக்குள் மாற்ற வேண்டியிருக்கும் டயர், பேட்டரி, பெல்ட் செலவை மெக்கானிக்கிடம் கேட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் புதுப்பிப்பையும் சேருங்கள். அந்தத் தொகைக்கு ஓர் ஆண்டு முழுக்க வண்டி வேறு எங்கும் கிடைக்காது என்று தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. புது ஸ்கூட்டர் எடுத்தால் முதல் ஆண்டில் மட்டும் இதே கணக்கில் 10,718 ரூபாய் கழியும் என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதி வைத்துப் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்