முன் பிரேக்கைத் தொடாதே என்பது தவறான பாடம்

"முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கியடித்துவிடும்." வண்டி பழகும் பிள்ளைகளுக்கு நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் முதல் பாடம் இதுதான். ஏபிஎஸ் வந்த பிறகும் இதையே சொல்லிக்கொண்டிருப்பது ஆபத்தானது.

125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகள் அனைத்துக்கும் 2019 ஏப்ரல் 1 முதல் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் 150, 160 சிசி வண்டிகள் பலவற்றில் இருப்பது சிங்கிள் சேனல். அது காப்பது முன்சக்கரத்தை மட்டும்தான். கால் பிரேக்கை மட்டும் மிதிப்பவருக்கு அந்த ஏபிஎஸ் இருந்தும் இல்லாதது போலத்தான்.

சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், ஆடு ஒன்று குறுக்கே பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகிப் பிடிப்பை இழக்கிறது. மிதிக்க மிதிக்க அது பூட்டிக்கொண்டு வழுக்கும். காய்ந்த தார்ச்சாலையில் பின் பிரேக்கால் மட்டும் நிற்க ஏறத்தாழ 40 மீட்டர் வேண்டும். இரண்டையும் நன்றாகப் பிடித்தால் 20 மீட்டர் போதும்.

பெரியவர்களின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பழைய வண்டியில் முன் பிரேக்கை வெடுக்கென்று இழுத்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அடுத்த நொடி ஆள் கீழே கிடப்பார். ஏபிஎஸ் தடுப்பது அதைத்தான். சக்கரத்தோடு சுழலும் துளையிட்ட வளையத்தை ஒரு சென்சார் கவனித்துக்கொண்டே இருக்கிறது. சுழற்சி சட்டென்று விழுந்தால், சக்கரம் பூட்டப்போகிறது என்று கண்டு, வால்வு பிரேக் ஆயிலின் அழுத்தத்தைக் குறைக்கிறது. சக்கரம் மீண்டும் உருண்டதும் அழுத்தத்தை ஏற்றுகிறது. இது ஒரு நொடிக்குள் பலமுறை நடக்கும். அப்போது லிவர் விரலடியில் துடிக்கும். பிரேக் கெட்டுவிட்டது என்று பதறிப் பலர் கையை எடுப்பது அந்த நேரத்தில்தான். எடுக்கக் கூடாது, விட்டுவிட்டுப் பிடிக்கவும் கூடாது. அந்த வேலையை வண்டியே செய்கிறது.

ஆகவே வண்டியை நேராக நிமிர்த்தி, முன் லிவரைப் படிப்படியாக, ஆனால் விரைவாக இறுக்குங்கள். கால் பிரேக்கையும் அளவாகச் சேருங்கள். நிற்கும் தறுவாயில் கிளட்ச் பிடியுங்கள். ஆளில்லாத காய்ந்த சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் பழகிப் பாருங்கள். நெருக்கடியில் கை தானாக வேலை செய்யும்.

எல்லை உண்டு. சாலையோரச் செம்மண் சரளையில் ஏபிஎஸ் இருந்தாலும் நிற்கும் தூரம் கூடும். வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது சாதாரண ஏபிஎஸ் விழாமல் காக்கும் என்று நம்பக் கூடாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வண்டி நகர்ந்த பிறகும் ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை என்றால் சாதாரண பிரேக் மட்டுமே வேலை செய்கிறது என்று பொருள், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பிள்ளைக்கு வண்டிச் சாவியைக் கொடுப்பவர் முன் பிரேக்கைப் பிடிக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.