கரண்ட் போன ஃப்ரிட்ஜும் "ஒரு கொதி விட்டால் போதும்" என்ற நம்பிக்கையும்



மழைக்காலம் வந்தால் நம் குடும்ப வாட்ஸப் குழுவில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "ராத்திரி முழுக்க கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜில் நேற்று வைத்த சாம்பாரும் சாதமும் இருக்கு. சாப்பிடலாமா?" பத்து நிமிடத்தில் பத்துப் பேர் பதில் போட்டுவிடுவார்கள். அதில் எட்டு பதில்கள் ஒரே மாதிரி இருக்கும். "மோந்து பாருங்க, நல்லா இருந்தா ஒரு கொதி விட்டுச் சாப்பிடுங்க." இந்த எட்டுப் பேரோடுதான் எனக்கு வழக்கு.

2018 நவம்பரில் கஜா வந்தபோது டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது யாருக்கும் இந்தச் சந்தேகமே வரவில்லை. ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரியாகிவிட்டது, அவ்வளவுதான். சந்தேகம் வருவதெல்லாம் ஆறு மணி, எட்டு மணி, பத்து மணி நேரம் கரண்ட் போய்த் திரும்பி வரும்போதுதான். கதவைத் திறந்தால் லேசாகக் குளிர் அடிக்கும், பாத்திரம் தொட்டால் சில்லென்று இருக்கும், கெட்டிருக்காது என்று மனசு சொல்லும். அந்த இடத்தில்தான் வயிறு மாட்டிக்கொள்கிறது.

ஃப்ரிட்ஜ் உணவைக் காப்பது 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்கும்வரைதான். கரண்ட் போனபின் அது குளிரை உண்டாக்குவதில்லை. சுவருக்குள் இருக்கும் பஞ்சு போன்ற காப்புப் பொருள், வெளிச்சூடு உள்ளே வருவதைத் தாமதப்படுத்துகிறது. கதவையே திறக்காமல் வைத்திருந்தால் சுமார் நான்கு மணி நேரம் தாங்கும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறை மக்களுக்குச் சொல்லும் கணக்கு. நம்ம ஊர் சமையலறைச் சூட்டில், தண்ணீர் பாட்டிலுக்காக ஆளாளுக்குக் கதவைத் திறக்கும் வீட்டில், நான்கு மணி என்பதை அதிகபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். நின்ற வாக்கில் இருக்கும் ஃப்ரிட்ஜில் கதவைத் திறந்தவுடன் குளிர்காற்று கனமாக இருப்பதால் கீழ்வழியாகக் கொட்டிப்போய்விடும். கால் விரலில் சில்லென்று படுவது அதுதான்.

உள்ளே வெப்பம் 4 டிகிரியைத் தாண்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால், ஈரப்பதமுள்ள சமைத்த உணவை எறிய வேண்டும். விதி இவ்வளவுதான். இதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தைச் சொல்லாவிட்டால் அந்த எட்டுப் பேர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

முதலில் மோந்து பார்ப்பது. உணவை ஊசிப்போகச் செய்யும் கிருமிகள் வேறு, நம்மைப் படுக்கவைக்கும் கிருமிகள் பெரும்பாலும் வேறு. முதல் கூட்டம் நாற்றம், நுரை, பிசுபிசுப்பு எல்லாம் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது கூட்டம் பெருகியிருந்தும் சாம்பார் சாம்பார் வாசனையோடே இருக்கலாம். ஆகவே நாற்றம் வந்தால் கெட்டது என்பது சரி, நாற்றம் வரவில்லை என்றால் நல்லது என்பது சரியில்லை. இதற்கு மறுதலை உண்மையல்ல என்று கணக்குப் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

அடுத்தது கொதிக்க வைப்பது. இங்கேதான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். "கொதியில் கிருமி செத்துவிடுமே சார்?" செத்துவிடும், பெரும்பாலானவை. ஆனால் சாவதற்கு முன் அது உணவுக்குள் விட்டுவைத்த நஞ்சு சாகாது, ஏனென்றால் அதற்கு உயிரே கிடையாது. சாதத்தில் வருவது பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. மண்ணில் வாழ்வது, அரிசியோடு வீட்டுக்கு வருவது. அதன் வித்துகள் சோறு வேகும் சூட்டைத் தாண்டிப் பிழைத்துக்கொள்ளும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி, வாந்தி வரவைக்கும் ஒரு நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சை அடுப்பில் கொதிக்கவைத்து அழிக்க முடியாது, பிரஷர் குக்கர் சூடு கூட அதற்குப் போதாது. நம் கை, மூக்கிலிருந்து உணவுக்குப் போகும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற இன்னொரு கிருமியின் நஞ்சும் கொதிக்கு அசையாது. எலுமிச்சை சாதத்தைக் கையால் பிசைந்து கிளறினோமே, அந்த வழியாகத்தான் அது போகிறது.

பெருகும் வேகத்தையும் பாருங்கள். வசதியான வெப்பம் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் கிருமிகள் உண்டு. ஒன்று, ஒரு மணி நேரத்தில் எட்டு. இரண்டு மணியில் 64. நான்கு மணியில் 4096. ஃப்ரிட்ஜுக்குள் இளஞ்சூட்டில் இவ்வளவு வேகம் இருக்காது, உண்மைதான். எவ்வளவு மெதுவாகப் பெருகியது என்பதைப் பாத்திரத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது என்பதுதான் பிரச்சினை.

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்குக் கரண்ட் போகிறது, காலை ஆறுக்கு வருகிறது. எட்டு மணி நேரம். முதல் நான்கு மணி குளிர் காத்தது, அதாவது இரவு இரண்டு வரை. அதற்குப் பின் நான்கு மணி நேரம் 4 டிகிரிக்கு மேல். இரண்டு மணி வரம்பு விடியற்காலை நான்குக்கே முடிந்துவிட்டது. ஆகவே மிச்ச சாதம், சாம்பார், தேங்காய் போட்ட பொரியல், தேங்காய்ச் சட்னி, கோழிக்குழம்பு, அவித்த முட்டை, வெட்டி வைத்த பழம், காய்ச்சிய பால் எல்லாம் போக வேண்டியவை. ஊறுகாய், புளிக்காய்ச்சல், வெண்ணெய், நெய், முழுக் காய்கறிகள் இருக்கலாம். உப்பு, புளிப்பு, எண்ணெய், ஈரமின்மை இவற்றில் ஏதோ ஒன்று அவற்றுக்குக் காவல். இட்லி மாவு புளித்துப் பொங்கியிருக்கும். புளிப்பு அதைக் காக்கிறது, அதை வேகவைக்கவும் போகிறோம். அன்றைக்கே ஊற்றி முடித்துவிடுங்கள்.

தயிரில் எனக்கும் அமெரிக்கர்களுக்கும் சின்ன வேறுபாடு. அவர்கள் பட்டியலில் தயிரும் எறிய வேண்டியதுதான். நாம் தயிரையே வெளியில் வைத்து உறையவிடுகிறவர்கள். புளித்த தயிரை மோராக்கி நல்ல உடம்புக்காரர்கள் அன்றே குடிப்பதை நான் தடுக்க மாட்டேன். கைக்குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், வயதானவர்களுக்கும் வேண்டாம். வத்தக்குழம்பைப் பற்றி நிச்சயம் கேட்பீர்கள். நல்லெண்ணெய் மிதக்கச் சுண்டவைத்தது வேறு, இப்போது நாம் தண்ணீராக வைக்கும் குழம்பு வேறு. இரண்டாவதற்குச் சந்தேகத்தின் பலனைத் தர மாட்டேன்.

"பழைய சோறு சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம்?" என்பது அடுத்த கணை. பழைய சோற்றில் அன்று இரவே தண்ணீர் ஊற்றுகிறோம். தயிரை உறையவைக்கும் வகைக் கிருமிகள் அதில் பெருகி நீரைப் புளிக்கவைக்கின்றன, அந்தப் புளிப்பில் மற்றவை தலைதூக்குவது கடினம். காலையில் சாப்பிட்டும் முடித்துவிடுகிறோம். ஃப்ரிட்ஜில் டப்பாவில் அடைத்த உதிரிச் சாதத்தில் இது எதுவும் நடக்கவில்லை. பெயர் மட்டும்தான் இரண்டுக்கும் சோறு.

இந்தக் கணக்கெல்லாம் கரண்ட் போன நேரம் தெரிந்தால்தான் பலிக்கும். இன்வர்ட்டர் உள்ள வீடுகளில் அதுவே தெரிவதில்லை. விளக்கும் மின்விசிறியும் ஓடிக்கொண்டே இருக்கும், ஃப்ரிட்ஜை இன்வர்ட்டரில் இணைத்திருக்க மாட்டோம். காலையில் எழுந்து "எப்போ போச்சு?" என்று ஆளுக்கு ஒரு நேரம் சொல்வோம். லோ வோல்டேஜும் இப்படித்தான். உள்ளே விளக்கு மினுக்கும், கம்ப்ரஸர் ஓடாது. ஓடும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள், விளக்கை நம்பாதீர்கள். விட்டுவிட்டு வரும் கரண்டிலும் ஏமாற வேண்டாம். மூன்று மணி போய், அரை மணி வந்து, மறுபடி மூன்று மணி போனால், அந்த அரை மணியில் உள்ளே பழையபடி குளிர்ந்திருக்காது. ஆறு மணி என்றே கூட்டுங்கள். இதற்கெல்லாம் நல்ல தீர்வு ஃப்ரிட்ஜுக்குள் வைக்கும் சிறு தெர்மாமீட்டர். சில நூறு ரூபாய்தான். இரவு விழித்துப் பார்த்தவர்களுக்கு அது சாட்சி சொல்லும்.

டம்ளர் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு ரூபாய் நாணயம் வைக்கும் யுக்தியை எனக்கே பலமுறை அனுப்பியிருக்கிறீர்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாணயம் அடியில் கிடந்தால், ஐஸ் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். அதுவரை சரி. ஆனால் நாணயம் மேலேயே இருந்தால் ஃப்ரீசர் தப்பித்தது என்று மட்டுமே தெரியும். கீழ்த்தட்டுச் சாம்பாருக்கு அது ஜாமீன் ஆகாது. ஃப்ரீசர் கதை தனி. தனிக்கதவு உள்ள ஃப்ரீசர் நிறையப் பொருளோடு மூடியே இருந்தால் 48 மணி நேரம், பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரம் என்பது கணக்கு. ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு ஐஸ் பெட்டிக்கு இது பொருந்தாது.

புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் முன்னாலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிளாஸ்டிக் பாட்டில்களில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் உறையவையுங்கள். கரண்ட் போனதும் இரண்டை எடுத்துக் கீழே, குழம்புப் பாத்திரங்களின் பக்கத்தில் வைத்துக் கதவை மூடிவிடுங்கள். உள்ளுறை வெப்பம் நடத்தியது நினைவிருக்கும். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். வெறும் குளிர்ந்த தண்ணீரால் அது முடியாது. இதனால் கூடுதல் நேரம் கிடைக்கும், எவ்வளவு என்பதை அந்தத் தெர்மாமீட்டர் சொல்லட்டும். அதைவிட எளிது, முதல் நான்கு மணிக்குள் ஃப்ரிட்ஜில் இருப்பதை ஒரே முறை திறந்து எடுத்து அந்த வேளைக்கே சாப்பிட்டு முடிப்பது. பாலைக் காய்ச்சி உறை ஊற்றிவிடலாம். அடுத்த வேளைகளுக்கு அளவாகப் பொங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறிடத்தில். குழந்தைகளுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய குழம்பு, வீணாகிறதே என்று அம்மா தட்டுக்குப் போகிறது. இல்லாவிட்டால் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் தூக்குச்சட்டிக்குப் போகிறது. அறுபத்தைந்து வயதில் சர்க்கரையும் இருக்கும் உடம்பு வாந்தி பேதியை உங்கள் பிள்ளையைவிட மோசமாகத் தாங்கும். பேத்திக்கு ஆகாதது பாட்டிக்கும் ஆகாது. யாருக்கும் கொடுக்காமல் குப்பையில் கொட்டுங்கள். எண்பது ரூபாய் குழம்பு அது.

ஏற்கெனவே சாப்பிட்டாயிற்று என்றால்: நான் சொன்ன நஞ்சுகளால் வரும் வாந்தி பெரும்பாலும் சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணிக்குள் தொடங்கிவிடும். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, தண்ணீர் கூட நிற்காவிட்டாலோ, சோர்ந்து படுத்துவிட்டாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கைக்குழந்தையும் முதியவரும் என்றால் அதற்கு முன்பே போய்விடுங்கள். எந்த மணிக்கு எதைச் சாப்பிட்டார்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போனால் டாக்டருக்கு உதவும்.