எக்ஸ் எக்ஸ் எக்ஸ் எழுதிய வேலைக் கடிதம்



பொதுத்தேர்வு ஆங்கிலத்தில் வேலைக்கு விண்ணப்பம் எழுதச் சொல்வார்கள், நினைவிருக்கிறதா? பெயருக்கு எக்ஸ் எக்ஸ் எக்ஸ், முகவரிக்கு ஒய் ஒய் ஒய் என்று போடுவோம். விடைத்தாளில் அடையாளம் தெரியக்கூடாது, அதனால் தேர்வுக்கு அது சரி. ஆனால் நம் பிள்ளைகள் உண்மையான கடிதத்தையும் ஆளே தெரியாமல்தான் எழுதுகிறார்கள்.

கல்வராயன் மலையிலிருந்து வந்து கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கி பி.காம். படிக்கும் பெண் ஒருத்தி, வகுப்பில் கொடுத்த பயிற்சியை என்னிடம் காட்டினாள். புத்தகக் கடையில் பகுதிநேர வேலை கேட்டுக் கவர் லெட்டர் எழுத வேண்டும். 'ஐ ஆம் ஹார்ட் வொர்க்கிங் அண்ட் சின்சியர்' என்று எழுதியிருந்தாள். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் இதை யார் வேண்டுமானாலும் எழுதலாமே!

பகுதிநேர வேலைக்கு ஆள் தேடும் கடைக்காரர் முதலில் பார்ப்பது நேரத்தைத்தான். அவளுக்குக் காலை ஷிஃப்ட் கல்லூரி. மாலை ஆறுக்குள் விடுதி திரும்ப வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு ஊருக்குப் போவாள். இதையெல்லாம் சொன்னால் வேலை கிடைக்காது என்று மறைத்திருந்தாள். மறைத்தால் சேர்ந்த மாதமே சிக்கல் வரும். எனவே முதல் பத்தியிலேயே, 'ஐ கேன் வொர்க் ஃப்ரம் டூ டு ஃபைவ் தர்ட்டி ஆன் வீக்டேஸ்' என்று எழுத வைத்தேன். ஊருக்குப் போகும் ஞாயிறையும் சேர்த்தோம். பள்ளி திறக்கும் ஜூனில் நோட்டுப் புத்தகம் வாங்கக் கூட்டம் நெரியும். கல்லூரி திறக்கும்வரை அப்போது முழுநாளும் வருவேன் என்பது அடுத்த வரி. கடைக்காரருக்கு இதுதான் பெரிய உதவி.

இரண்டாவது பத்தி, தகுதிக்குச் சான்று. "எனக்கு அனுபவமே இல்லையே சார்" என்றாள். விசாரித்தால், அம்மாவின் மகளிர் குழுவுக்கு இரண்டு வருடமாகக் கணக்கு நோட்டு எழுதுகிறாள்! பணம் வாங்கி, ரசீது போட்டு, இருப்பைச் சரிபார்ப்பதுதானே கடையிலும் வேலை? 'ஐ ஹேவ் கெப்ட் த அக்கவுண்ட்ஸ் ஆஃப் மை மதர்ஸ் செல்ஃப் ஹெல்ப் குரூப் ஃபார் டூ இயர்ஸ்.' சின்சியர் என்ற சொல்லை எடுத்துவிட்டோம். இந்த வரியே அதைச் சொல்லிவிடுகிறது.

பத்திரிகை விளம்பரம் பார்த்ததாக மனப்பாடமாக எழுதியிருந்த தொடக்கத்தையும் மாற்றினோம். நம் ஊர்க் கடைகளில் வாசலில் அட்டைதான் தொங்கும். அதைப் பார்த்தேன் என்று எழுதினால் போதும். கடைசியில், நேரில் எப்போது வரலாம் என்று கேட்டு, தொலைபேசி எண். 'டியர் சார்' என்று தொடங்கியதால் முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி'. பெயர் தெரிந்து அழைத்தால்தான் 'யுவர்ஸ் சின்சியர்லி'. மொத்தமும் அரைப் பக்கம்.

மலை ஊரின் பெயரை எழுதவும் நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். அந்த முகவரியும் அம்மாவின் குழுக் கணக்கும்தான் அவளை மற்ற விண்ணப்பங்களிலிருந்து பிரித்துக் காட்டும். ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, தேர்வுக்கு எக்ஸ் எக்ஸ் எக்ஸ் எழுதப் பழக்குங்கள். அதே வாரத்தில் சொந்தப் பெயரில், சொந்த நேரத்தோடு ஒரு கடிதமும் எழுத வையுங்கள்.