குட்டிக்கு மூன்று மாதம் ஆகட்டும் என்பவர்களுக்கு

நாய்க்குட்டிக்கு மூன்று மாதம் ஆகும்வரை ஒன்றும் செய்யத் தேவையில்லை, அதன்பிறகு விசர் ஊசி ஒன்றும் பூச்சி மருந்து ஒரு தடவையும் கொடுத்தால் காணும் என்ற பேச்சு சம்பூர், மூதூர்ப் பக்கத்தில் மட்டுமல்ல, திருகோணமலை நகரத்திலும் கேட்கிற பேச்சுத்தான். அதற்குச் சொல்லும் நியாயங்கள் மூன்று. தாய்ப்பால் குடிக்கிற குட்டிக்கு நோய் வராது. பிஞ்சு உடம்பு மருந்தைத் தாங்காது. ஊர் நாய்க்கு இயல்பிலேயே தாங்கும் சக்தி உண்டு. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் இந்தப் பேச்சு இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது. ஆனால் அந்த உண்மையை எடுத்துக் கணக்குப் பார்த்தால், பொறுத்திருக்கலாம் என்ற முடிவுக்கு அது இடம் கொடுப்பதில்லை.

தாய்ப்பாலை முதலில் எடுப்போம். பிறந்த முதல் நாளில் குடிக்கும் கடும்புப் பாலோடுதான் தாயின் எதிர்ப்புப் பொருளில் பெரும்பங்கு குட்டியின் இரத்தத்துக்குப் போகிறது. ஒரு நாள் கழிந்தால் குட்டியின் குடல் அதை உறிஞ்சாது. பிறகு இரண்டு மாதம் பால் குடித்தாலும் இரத்தத்தில் இருக்கும் அளவு கூடப்போவதில்லை, கரைந்துகொண்டே போகும். பார்வோ வைரசைப் பொறுத்தவரை ஏறக்குறையப் பத்து நாளுக்கு ஒருமுறை அது பாதியாகிறது. பார்வோ 1978இல் அடையாளம் காணப்பட்டு, மிகக் குறுகிய காலத்தில் உலகம் முழுக்கப் பரவிய நோய். குட்டி முதலில் சாப்பாட்டை ஒதுக்கும், பிறகு சத்தி எடுக்கும், அதன்பின் நாற்றமுள்ள இரத்த வயிற்றோட்டம். கவனிக்காவிட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். விசர் ஊசிக்கும் இந்த நோய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டுக்கும் சேர்த்துப் போடும் ஊசி வேறு. மூன்று மாதத்தில் விசர் ஊசி மட்டும் போட்ட குட்டி பார்வோவைப் பொறுத்தவரை ஊசியே போடாத குட்டிதான்.

இரண்டு குட்டிகளை வைத்துக் கணக்கைப் பார்ப்போம். ஆய்வுகூட அளவையில் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஏறக்குறைய 80 இருந்தால் பார்வோவிலிருந்து காப்பு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். அதே பொருள் 20 அளவுக்கு இறங்கும்வரை ஊசி மருந்தில் இருக்கும் வலுவிழந்த வைரசையும் பகையென்று அழித்துவிடும்; ஊசி வேலை செய்யாது. முதற்குட்டியின் தாய்க்கு எதிர்ப்பு குறைவு, குட்டி 640 என்ற அளவோடு தொடங்குகிறது. முப்பது நாளில் அது 80, ஐம்பது நாளில் 20. இரண்டாவது குட்டியின் தாய் பார்வோ வந்து பிழைத்த நாய். குட்டி 5120இல் தொடங்குகிறது. அறுபது நாளில் 80, எண்பது நாளில்தான் 20. முதற்குட்டிக்கு நாலு கிழமை கடந்ததுமே காவல் போய்விடுகிறது, ஏழு கிழமைக்குப் பிறகே ஊசி பிடிக்கிறது. இரண்டாவதற்கு எட்டரைக் கிழமைவரை காவல் உண்டு, ஆனால் பதினொரு கிழமை கடந்தால்தான் ஊசி பிடிக்கும். இரு குட்டிகளுக்கும் காவல் போவதற்கும் ஊசி பிடிப்பதற்கும் நடுவில் ஏறத்தாழ மூன்று கிழமை, நோய் உள்ளே வரலாம், ஊசி உள்ளே போகாது என்ற நிலை. அந்த மூன்று கிழமை எந்தக் குட்டிக்கு எப்போது வரும் என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஒரு வயிற்றுக் குட்டிகளுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு, முதல் நாளில் முந்திக் குடித்ததும் பிந்திக் குடித்ததும் ஒன்றல்லவே.

பல தடவை ஊசி போடுவதன் காரணம் இதுதான். ஒன்றின்மேல் ஒன்றாகச் சக்தி ஏற்றுவதற்கல்ல அது. பூட்டியிருக்கும் கதவை மறுபடி மறுபடி தட்டிப் பார்ப்பது. எலிக்காய்ச்சலுக்கான ஊசி போன்ற இறந்த கிருமி மருந்துகளுக்கு இரண்டு தடவை கட்டாயம் என்பது வேறு விஷயம். ஆறிலிருந்து எட்டுக் கிழமைக்குள் தொடங்கி, இரண்டு முதல் நாலு கிழமைக்கு ஒருமுறை, பதினாறு கிழமை நிறையும்வரை போடவேண்டும் என்று உலகச் சிறுபிராணி மிருக வைத்தியர் சங்கம் சொல்வதன் அடிப்படை இந்தக் கணக்கே. எட்டு, பன்னிரண்டு, பதினாறு என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும். பிறகு இருபத்தாறு கிழமையளவில் இன்னொன்று, முந்தியவை எல்லாம் தவறியிருந்தால் பிடித்துக்கொள்ள. பூனைக்குட்டிக்கு மருந்து வேறு, கிழமைக் கணக்கு கிட்டத்தட்ட இதேதான்.

“ஊசி போட்டும் செத்துப்போச்சு” என்பவர்களுக்குப் பதிலும் இங்கேயே இருக்கிறது. ஆறு, எட்டு, பத்து என மூன்று ஊசியும் போட்டு, அட்டையில் மூன்று ஒட்டுச்சீட்டும் இருக்கும். மேலே சொன்ன இரண்டாவது குட்டிக்கு அந்த மூன்றும் வீண். ஊசியின் எண்ணிக்கையைப் பார்த்தவர் முடிந்துவிட்டது என்று நினைத்தார், குட்டியின் வயதைப் பார்த்திருந்தால் முடியவில்லை என்று தெரிந்திருக்கும். அட்டையைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்கவேண்டியது கடைசி ஊசியின் திகதியை. அன்று குட்டிக்குப் பதினாறு கிழமை ஆகியிருந்ததா என்பதுதான் கேள்வி. மற்றக் காரணம் குளிர். இந்த மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்கவேண்டும். திருகோணமலையில் வாங்கி, வெறும் பையில் போட்டு, வெயிலில் பஸ்ஸில் கொண்டுவந்த மருந்து ஊசியில் ஏறும், உடம்பில் வேலை செய்யாது. விசர் ஊசிக்கு எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. ஐஸ் கட்டியோடு ஒட்டி உறைந்துவிட்டால் அதுவும் கெட்டுப்போகும்.

பூச்சி மருந்து விஷயத்தில் மூன்று மாதக் கதை இன்னும் மோசமாகத் தோற்கிறது. நாயின் உருண்டைப் புழு தாயின் தசைக்குள் உறங்கிக் கிடந்து, கர்ப்பத்தின் கடைசி மூன்று கிழமையில் எழுந்து, குட்டியின் உடம்புக்குள் போகிறது. குட்டி பிறக்கும்போதே புழுவோடு பிறக்கிறது. கொக்கிப் புழு பாலின் வழியாக வருகிறது, அதாவது காக்கும் என்று நாம் நம்பியிருக்கும் அதே பாலில். மூன்றாம் கிழமையளவில் உருண்டைப் புழு முட்டையிடத் தொடங்கிவிடும். கொக்கிப் புழு அதுவரைகூடப் பொறுக்காது. மலத்தில் முட்டை தெரிய முன்பே, இரண்டு மூன்று கிழமைக் குட்டியின் இரத்தத்தைக் குடித்து அதைக் கொல்ல அதனால் முடியும். உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால், கூடவே மலம் கறுத்திருந்தால், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போகவேண்டும். அதனால் முதல் மருந்து இரண்டாம் கிழமையில், பிறகு நான்கு, ஆறு, எட்டாம் கிழமைகளில், அதன்பின் ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை. மருந்து குடலில் இருக்கும் புழுவை மட்டுமே தீர்க்கும், உடம்பில் அலையும் இளம்புழுக்கள் அடுத்தடுத்த நாட்களில் குடலுக்கு வந்துகொண்டேயிருக்கும் என்பதால்தான் இந்த இரண்டு கிழமை இடைவெளி. தாய்க்கும் அதே நாளில் கொடுக்காவிட்டால் பாதி வேலைதான். பூனையில் கர்ப்பத்துக்குள் புழு கடப்பதில்லை, பாலில்தான் வரும். ஆகவே பூனைக்குட்டிக்கு மூன்றாம் கிழமையில் தொடங்கினால் போதும்.

பிஞ்சு உடம்பு தாங்காது என்பதில் உள்ள உண்மை அளவைப் பற்றியது. பைரன்டெல் என்ற மருந்து கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கில் கொடுக்கப்படுவது. 800 கிராம் குட்டிக்கு அது வெறும் 4 மில்லிகிராம். மனிதருக்கான 125 மில்லிகிராம் குளிசையில் முப்பதில் ஒரு பங்கு. அதைக் கத்தியால் வெட்டி எடுக்க முடியாது. குட்டியைச் சமையல் தராசில் நிறுத்து, அந்த நிறையைச் சொல்லிப் பாணி மருந்தாக வாங்கி, ஊசி போடும் சிரிஞ்சால் அளந்து வாயோரத்தில் விடவேண்டும். கண்மதிப்பில் கொடுப்பது ஆபத்து என்பதை ஒத்துக்கொள்ளலாம்; ஆனால் அதற்குப் பரிகாரம் தராசு, தள்ளிப்போடுவதல்ல. தள்ளிப்போடுவதால் பாதிக்கப்படுவது குட்டி மட்டுமல்ல. நாயையும் மனிதனையும் சேர்த்துப் பிடிக்கும் கொக்கிப் புழு ஒன்று இலங்கையின் பெயரையே தாங்கி நிற்கிறது. லூஸ் என்ற ஆய்வாளர் 1911இல், இங்கிருந்து கிடைத்த மரநாய் ஒன்றிலிருந்து அதை விவரித்து ஆன்சிலோஸ்டோமா சிலானிக்கம் என்று பெயரிட்டார். ஈரமும் நிழலும் உள்ள மணலில் அதன் இளம்புழு உயிரோடிருந்து வெறுங்காலின் வழியே ஏறும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பிறகு கொட்டியாரக் குடாக்கரை ஊர்களின் வளவுகள் எப்படி இருக்கும் என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் விளையாடுவதும் குட்டிகள் வெளிக்கிருப்பதும் அதே மாமர நிழலில்தான்.

விசர் ஊசிக்கு மூன்று மாதம் என்பது மருந்துப் பெட்டியில் அச்சடித்த வயது. அதைப் பிழையென்று சொல்ல வரவில்லை. பன்னிரண்டு கிழமையில் ஒன்று, ஒரு வருடம் கழித்து ஒன்று, பிறகு தவறாமல் போடுவதுதான் முறை. ஆனால் தடுப்பூசிக் குழு ஊருக்கு வரும் அன்று இரண்டு மாதக் குட்டியைத் திருப்பியனுப்பினால், அடுத்த வரவுவரை அது காப்பின்றித் திரியும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிகளையும் ஊர்த் தடுப்பூசியில் சேர்க்கும்படி உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆப்பிரிக்க நாடுகளில் செய்த ஆய்வுகளிலும் அந்த வயதுக் குட்டிகளின் உடம்பு ஊசியை ஏற்றுக்கொண்டது. அப்படிப் போட்டால் பன்னிரண்டு கிழமை கடந்ததும் மறுபடி போடவேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகள் மடியில் தூக்கி வைத்து முகத்தை நக்கவிடுவது பெரிய நாயை அல்ல, குட்டியைத்தான்.

ஊர் நாய் தாங்கும் என்பவர்கள் தெருவில் நிற்கும் நாய்களை எண்ணிச் சொல்கிறார்கள். நிற்காதவை அந்த எண்ணிக்கையில் இல்லை. சரி, அப்படித் தாங்கிய நாய் தாயாகும்போது என்ன நடக்கிறது? நோயை வென்ற உடம்பு அது, குட்டிக்கு நிறைய எதிர்ப்புப் பொருளைக் கொடுக்கும். 5120இல் தொடங்கிய குட்டி அதுதான். ஆகவே ஊர் நாயின் குட்டிக்குத்தான் பிந்திய ஊசி, அதாவது பதினாறு கிழமையின் ஊசி, மற்றதைவிட அவசியம்.

கடைசியாகக் காசு. இது மற்ற நியாயங்களைவிடக் கனமானது. 2006இல் இடம்பெயர்ந்து, 2015இற்குப் பிறகு காணிக்குத் திரும்பி, வீட்டை மறுபடி எழுப்பிய குடும்பங்களிடம் ஒரு நாய்க்குட்டிக்கு நாலு தடவை ஊசிச் செலவு செய்யுங்கள் என்று சொல்வது எளிது. ஒரேயொரு ஊசிக்குத்தான் வழியென்றால் அதைப் பதினாறு கிழமை கடந்த பிறகு போடுங்கள் என்றே அந்த உலகச் சங்கமும் சொல்கிறது. மூன்று மாதத்தில் அல்ல, நாலு மாதத்தில். அதுவரை குட்டியை வளவுக்குள் வைத்திருக்கவேண்டும், பார்வோவில் குட்டி செத்த வளவுக்குள் விடக்கூடாது. அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், சவர்க்காரத்துக்குச் சாகாது. சீமெந்துத் தரையென்றால் ஒரு பங்கு குளோரின் வெளுப்பானுக்கு முப்பது பங்கு நீர் கலந்து கழுவலாம், மண்ணுக்கு அது உதவாது. பூச்சி மருந்தின் செலவு ஊசியோடு ஒப்பிட்டால் சிறிது. அதை இரண்டாம் கிழமையில் தொடங்காமலிருக்கக் காசு ஒரு காரணமாகாது.