ஸ்கூட்டர் திடீர்னு 97 கி.மீ மைலேஜ் தருதா? விடுபட்ட வரியைத் தேடுங்க!

பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் ஓடோமீட்டர் எண்ணையும் லிட்டரையும் மொபைலில் குறித்துவைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஆனால், நடுவில் ஒருமுறை எழுத மறந்துவிட்டால் மொத்தக் கணக்கும் குழம்பிவிடும். அதை எப்படிச் சரிசெய்வது?

அடிப்படைக் கணக்கு

ஒவ்வொரு முறையும் டேங்க்கை நிரப்ப வேண்டும். இந்த முறை உள்ளே போன பெட்ரோல், போன முறை நிரப்பியதிலிருந்து ஓடிய தூரத்துக்குச் செலவானது. எனவே இப்போதைய ஓடோமீட்டர் எண்ணிலிருந்து முந்தைய எண்ணைக் கழித்து, இப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ். முதல் வரி வெறும் தொடக்கப்புள்ளிதான். அதில் உள்ள லிட்டர் கணக்கில் வராது.

உதாரணத்துக்கு, கணவன் மனைவி இருவரும் மாறி மாறி ஓட்டும் ஒரு ஸ்கூட்டரின் குறிப்பைப் பார்ப்போம். எல்லாமே ஃபுல் டேங்க்.

- ஜூன் 1: 12,400 கி.மீ, 4.0 லிட்டர்
- ஜூன் 9: 12,590 கி.மீ, 4.0 லிட்டர்
- ஜூன் 17: எண் எழுதவில்லை, 4.2 லிட்டர்
- ஜூன் 26: 12,980 கி.மீ, 4.1 லிட்டர்
- ஜூலை 14: 13,370 கி.மீ, 4.0 லிட்டர்
- ஜூலை 22: 13,552 கி.மீ, 4.0 லிட்டர்

ஜூன் 9 கணக்கு சுலபம். 190 கி.மீ-யை 4 லிட்டரால் வகுத்தால் 47.5.

எண் மட்டும் விடுபட்டால்...

ஜூன் 17-ல் லிட்டர் இருக்கிறது, கி.மீ இல்லை. இதைத் தூக்கிப்போட வேண்டாம். அந்த 4.2 லிட்டரை அடுத்த வரியின் 4.1 லிட்டரோடு கூட்டினால் 8.3. ஜூன் 9 முதல் 26 வரை ஓடியது 390 கி.மீ. வகுத்தால் 47. இரண்டு முறைக்கும் சேர்த்து ஒரே மைலேஜ் கிடைக்கும், அவ்வளவுதான். டேங்க் நிரம்பாமல் 200 ரூபாய்க்கு மட்டும் போட்ட நாள்களுக்கும் இதே வழிதான். அடுத்த ஃபுல் டேங்க் வரை லிட்டரைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

வரியே விடுபட்டால்...

ஜூலை 14-ல் 390 கி.மீ-க்கு 4 லிட்டர். அதாவது 97.5! சந்தோஷப்பட ஒன்றுமில்லை. நடுவில் யாரோ பெட்ரோல் போட்டுவிட்டு எழுதவில்லை. இந்த ஸ்கூட்டரின் டேங்க் 5.3 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், முழு டேங்க்குக்கே சுமார் 250 கி.மீ-தான் ஓடும். அதைத் தாண்டிய இடைவெளி எதுவாக இருந்தாலும் ஒரு வரி காணவில்லை என்று அர்த்தம். எத்தனை லிட்டர் போட்டார்கள் என்பது தெரியாததால், இந்த இடைவெளியின் தூரம், லிட்டர் இரண்டையுமே கணக்கிலிருந்து நீக்க வேண்டும். ஆனால், 13,370 என்ற எண் அடுத்த கணக்குக்குத் தொடக்கமாகப் பயன்படும். ஜூலை 22-ல் 182 கி.மீ, 4 லிட்டர், மைலேஜ் 45.5.

இப்போது மொத்த சராசரி. சரியான இடைவெளிகளின் தூரம் 762 கி.மீ, லிட்டர் 16.3. சராசரி 46.7. விடுபட்டதைக் கவனிக்காமல் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 56.7 வரும். அதை நம்பியவருக்கு, கடைசியில் வந்த 45.5-ஐப் பார்த்ததும் ‘மைலேஜ் 11 குறைஞ்சுடுச்சு’ என்று தோன்றும். உடனே மெக்கானிக்கிடம் ஓடி வீண் செலவு செய்வார். உண்மையில் வண்டியில் பெரிய மாற்றம் எதுவுமில்லை.

ஷீட்டில் போடுவது எப்படி?

B-யில் கி.மீ, C-யில் லிட்டர், முதல் வரியில் தலைப்பு என்றால், D3-ல் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடலாம்.

```
=IF(COUNT(B2:B3,C3)=3,(B3-B2)/C3,"")
```

இரண்டு கி.மீ எண்களும் லிட்டரும் இருந்தால் மட்டுமே விடை வரும். இல்லையென்றால் கட்டம் காலியாக இருக்கும். இந்தச் சோதனை இல்லாவிட்டால், காலிக் கட்டத்தை ஷீட் பூஜ்ஜியமாக எடுத்துக்கொண்டு ஒரு வரியில் மைனஸ் மைலேஜும், அடுத்த வரியில் 3,000-க்கு மேலும் காட்டும். கூட்டிப் போட வேண்டிய 47-ஐ மட்டும் கையால் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வரியே விடுபட்டதை ஃபார்முலாவால் கண்டுபிடிக்க முடியாது. மறந்தது நினைவுக்கு வந்ததும், அந்த இடத்தில் ஒரு காலி வரியைச் சேர்த்து, அதற்குக் கீழேயும் ஃபார்முலாவை மறுபடி இழுத்துவிட்டால் போதும். 97.5 மறைந்துவிடும்.

ஒரு முறையை வைத்து முடிவெடுக்காதீங்க!

‘ஃபுல்’ என்பது ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் நிற்காது. 4 லிட்டரில் 200 மில்லி கூடினாலே 47.5 என்பது 45.2 ஆகிவிடும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பம்ப் தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிட்டால் இந்த வித்தியாசம் குறையும். தொடர்ந்து நான்கைந்து முறை மைலேஜ் குறைந்தால் மட்டும் டயர் காற்றையும் பிரேக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.