ஒரே செடி, இரண்டு முகம்

படிவம் ஒன்று மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நான் கொடுக்கும் ஒரு செயல்திட்டம் உண்டு. பள்ளி வளாகத்தில் பத்துச் செடிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இலையைப் பறித்து, உலர்த்தி, ஏட்டில் ஒட்டிப் பெயர் எழுத வேண்டும். பல ஆண்டுகளாக நடந்து வந்த இந்தச் செயல்திட்டம் தவறானது என்பதை எனக்குப் புரிய வைத்தவன் என் மாணவன் ஒருவன்.

அவன் ஒட்டியிருந்த இலை இறகு போன்றது. நடுக்காம்பின் இரு பக்கமும் சின்னச் சின்னச் சிற்றிலைகள் வரிசையாக இருந்தன. கீழே 'அகேசியா' என்று எழுதியிருந்தான். நான் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'சவுண்டல்' என்று திருத்தினேன். நம் நாட்டில் பெத்தாய் பெலாலாங் என்று சொல்கிறோமே, அந்த மரம்தான். அகேசியா மரம் திடலின் ஓரத்திலேயே நிற்கிறது. அதன் இலை அரிவாள் போல் வளைந்து, நீளமாக, பிளவு எதுவும் இல்லாமல் இருக்கும். இறகுக்கும் அரிவாளுக்கும் என்ன சம்பந்தம் என்பது என் எண்ணம்.

"டீச்சர், அந்த மரத்தோட விதையை நானே போட்டு முளைக்க வச்சேன்" என்றான் அவன். நான் நம்பவில்லை. மறுநாள் ஒரு மைலோ டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதில் ஒரு சாண் உயரத்தில் ஒரு கன்று நின்றது.

அந்தக் கன்றைக் கீழிருந்து மேலாகப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அடியில் ஒற்றை வரிசைச் சிற்றிலைகள் கொண்ட ஒரு சிறிய இலை. அதற்கு மேல் காம்பு இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையிலும் சிற்றிலைகள் கொண்ட கூட்டிலைகள். இன்னும் மேலே ஒரு விசித்திரமான இலை: அதன் காம்பு மட்டும் பட்டையாக அகன்று பச்சை நாடா போல் இருந்தது, அந்த நாடாவின் நுனியில் பழைய இறகுச் சிற்றிலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. உச்சியில் இருந்த புதிய இலையில் சிற்றிலைகளே இல்லை. வளைந்த அரிவாள் மட்டும்தான். திடலோர மரத்தின் அதே இலை.

நான் கவனிக்கத் தவறியது இதுதான். அகேசியா ஆரிகுலிஃபார்மிஸ் என்ற இந்த மரத்தில் நாம் இலை என்று சொல்லும் அரிவாள், உண்மையில் இலையின் பரப்பே அல்ல. அது அகன்று தட்டையான இலைக்காம்பு. தாவரவியலில் இதை ஃபில்லோட் என்பார்கள். கன்றாக இருக்கும்போது மரம் உண்மையான கூட்டிலைகளை விடுகிறது. சில வாரங்களில் சிற்றிலைகளை விடுவதை நிறுத்திவிட்டு, காம்பையே இலையின் வேலைக்குப் பயன்படுத்தத் தொடங்குகிறது. ஆகவே, கன்றின் இலையையும் மரத்தின் இலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது, நான் செடியின் இரு வேறு உறுப்புகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவை ஒத்துப்போகாததில் வியப்பில்லை.

மரம் ஏன் இப்படி மாறுகிறது? மெல்லிய கூட்டிலையை உருவாக்கக் குறைந்த பொருளே போதும். அதனால் சின்னக் கன்று சீக்கிரமாக வெளிச்சம் பிடிக்கும் பரப்பைப் பெற்றுவிடுகிறது. வளர்ந்த மரமோ நாள் முழுதும் வெயிலில் நிற்கிறது. தடித்த ஃபில்லோட் செங்குத்தாகத் தொங்கும்போது உச்சி வெயில் அதன் மேல் நேராக விழாது, நீர் இழப்பும் குறையும். இரண்டு வயதுக்கும் இரண்டு தேவைகள்.

அகேசியா மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். வீட்டு வரவேற்பறையில் தொட்டியில் வளரும் மணி பிளான்டை எல்லாரும் அறிவீர்கள். உள்ளங்கை அளவு இதய வடிவ இலை. அதே கொடி வெளியே ஒரு பெரிய மரத்தைப் பற்றி ஏறினால், அதன் இலை அரை மீட்டருக்கும் மேல் பெரிதாகி, ஓரங்களில் ஆழமாகக் கிழிந்ததுபோல் பிளவுபடும். மரத்தில் ஏறிய கொடியையும் தொட்டிச் செடியையும் ஒன்று என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். இங்கே வயது மட்டும் காரணமல்ல. பற்றி ஏறும் கொடியில்தான் இலை பெரிதாகும். கீழே தொங்கவிட்டால் மீண்டும் சிறுத்துவிடும்.

இந்தக் கொடியிடம் அறிஞர்களும் தடுமாறியிருக்கிறார்கள். 1880-இல் இதற்குப் பெயர் வைத்தபோது போதோஸ் என்ற பேரினத்தில் சேர்த்தார்கள். இது பூப்பது மிக அரிது. 1962-இல் பூவைப் பார்த்த பிறகு ரஃபிடோஃபோரா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். 1964-இல் எபிப்ரெம்னம் என்ற பேரினத்துக்கு மறுபடியும் மாற்றினார்கள். இலையை மட்டும் வைத்து முடிவு செய்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அதனால்தான் சொல்கிறேன்: ஒரே ஓர் இலையை ஒட்டிப் பெயர் எழுதும் செயல்திட்டத்தை நாம் கைவிட வேண்டும். 'நாற்பது மாணவர்கள் இருக்கும் வகுப்பில் வேறு எப்படிச் செய்வது, நேரம் எங்கே?' என்று சக ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். என் பதில், பத்துச் செடிகளுக்குப் பதில் ஒரே ஒரு செடி போதும். மாணவர் அதை வாரம் ஒருமுறை, எட்டு வாரம் பார்க்கட்டும். தேதி, உயரம், புதிதாக வந்த இலையின் வரைபடம் ஆகிய மூன்றையும் குறித்தால் போதும்.

அகேசியாவை வைத்துச் செய்ய விரும்பினால், காது மடல் போல் சுருண்ட காய்ந்த காய்களை மரத்தடியில் பொறுக்குங்கள். உள்ளே மஞ்சள் நிற நாரில் தொங்கும் கறுப்பு விதைகள் இருக்கும். அவற்றின் ஓடு கெட்டியானது, நீர் எளிதில் உள்ளே போகாது. அதனால் ஆசிரியரோ பெற்றோரோ கொதிக்க வைத்து இறக்கிய நீரை அவற்றின் மேல் ஊற்ற வேண்டும். அந்த நீரிலேயே ஆறவிட்டு, மறுநாள் விதையுங்கள்.

அடையாளம் காணும்போது கன்றின் அடி இலையை மட்டும் பார்க்காதீர்கள். உச்சியில் புதிதாக வருவதைப் பாருங்கள். காம்பு பட்டையாக அகலத் தொடங்கினால், ஃபில்லோட் விடும் அகேசியா என்று சந்தேகிக்கலாம். சவுண்டலின் காம்பு எவ்வளவு வளர்ந்தாலும் அப்படி அகலாது, கூட்டிலைதான் பெரிதாகும். காம்பு இன்னும் அகலாத சின்னக் கன்றாக இருந்தால் காத்திருங்கள். அகேசியா மரத்தடியில் முளைத்தது என்பதற்காக அதன் கன்று என்று முடிவு கட்டவும் வேண்டாம். வேறு விதைகளும் அங்கே வந்து விழும்.

என் மதிப்பெண் முறையையும் மாற்றிவிட்டேன். முன்பு சரியான பெயருக்கே முழு மதிப்பெண். இப்போது பெயருக்கு மூன்று, அதைச் சொல்லக் காரணமான சான்றுக்கு ஏழு. 'இந்த வளர்ச்சிக் கட்டத்தில் பெயர் சொல்ல முடியவில்லை, பூக்கும்வரை பார்க்க வேண்டும்' என்று காரணத்தோடு எழுதுபவருக்கும் அந்த ஏழு மதிப்பெண் உண்டு.

மைலோ டின்னோடு வந்த மாணவனின் ஏட்டில் நான் அடித்த சிவப்புக் கோட்டை அழிக்க முடியவில்லை. அதன் பக்கத்தில் 'நீ சொன்னதுதான் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கன்றை அவன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டான்.