"அனைத்தும் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போடாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

ஊராட்சியில் பொறுப்பு கைமாறும்போது ஒரு காகிதம் எழுதுவார்கள். "பதிவேடுகள், கணக்குகள், சாவிகள் அனைத்தும் ஒப்படைக்கப்பட்டன, பெற்றுக்கொண்டேன்." இரண்டு கையெழுத்து, ஒரு முத்திரை, ஆளுக்கொரு டீ, முடிந்தது. இதை ஒப்படைப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாளைக்கு ஒரு பதிவேடு காணவில்லை என்றால் கொடுத்தவர் "அனைத்தும் கொடுத்துவிட்டேனே" என்பார். வாங்கியவர் போட்ட கையெழுத்தே அவருக்கு எதிரான சாட்சி.

நம் ஜவ்வாது மலையில் இது பெரிய விஷயம். ஜமுனாமரத்தூர் பக்கம் திருவண்ணாமலை மாவட்டம். அங்கே 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலருக்குப் போனது. புதூர்நாடு பக்கம் திருப்பத்தூர் மாவட்டம். அங்கே தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில், ஆகவே 2026 அக்டோபரில் ஐந்து வருடம் நிறைகிறது. இதற்கு முன்பும் ஜமுனாமரத்தூர் பக்கம் 2016 அக்டோபரில் முடிந்த ஊராட்சிகளுக்குப் புதிய தலைவர்கள் வந்தது 2020 ஜனவரியில்தான். மூன்று வருடத்துக்கு மேல் இடைவெளி! பழைய தலைவரும் புதிய தலைவரும் ஒரே மேசையில் உட்காரவே இல்லை. நடுவில் இருந்த அலுவலர் மாறுதலில் போனால் இன்னொரு கை. அத்தனை கைகளுக்கும் பேச வேண்டியது அந்த ஒரு காகிதம்தான்.

அது எப்படி இருக்க வேண்டும்? வகுப்பில் கணக்குப் போட்ட மாதிரியே சொல்கிறேன். "ரசீது புத்தகம் ஒன்று" என்று எழுதினால் போதாது. 301 முதல் 400 வரை உள்ள புத்தகம், கடைசியாகக் கிழித்தது 347, எழுதாதவை 53 என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் வெற்று ரசீதில் பின்னாளில் யார் வீட்டு வரி வசூலித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பாஸ்புக்கில் 84,200 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கப் பதிவேட்டில் 72,200. உடனே திருட்டு என்று கத்தாதீர்கள். 12,000 ரூபாய்க்குக் கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்குப் போகாமல் இருக்கலாம். அந்தக் காசோலையின் எண்ணும் பெயரும் ஒப்படைப்புக் குறிப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வந்தவர் 84,200-ஐயும் செலவுக்கு இருக்கும் பணம் என்று நம்பித் திட்டம் போடுவார். தீர்மானப் புத்தகத்தில் கடைசித் தீர்மானத்துக்குக் கீழே கோடு போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். காலியாக விட்ட வரிகளில் பழைய தேதியில் தீர்மானம் முளைக்கக் கூடாது.

பணத்தையாவது வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நிலுவை விவகாரங்களை எங்கே போய்க் கேட்பது? வன உரிமை மனுக்களைத்தான் சொல்கிறேன். 2006 சட்டப்படி, பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே நிலம் அவர்கள் அனுபவத்தில் இருப்பதைக் காட்ட வேண்டும். அதற்கு ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை எழுதி வாங்கிய வாக்குமூலமும் ஒரு சான்று. அந்தத் தாள் தொலைந்து, சொன்ன பெரியவரும் மறைந்துவிட்டால் மறுபடி யார் வந்து சொல்வது? வன உரிமைக் குழு கிராம சபையுடையது, தலைவர் காலம் முடிந்தால் அது கலையாது. ஆனால் அதன் காகிதங்கள் ஊராட்சி பீரோவில் இருந்தால் பீரோவோடு சேர்ந்து அவையும் கைமாறும். கோட்ட அளவிலான குழு ஒரு மனுவை நிராகரித்தால் மாவட்டக் குழுவிடம் முறையிட 60 நாள்தான். பொறுப்பு மாறும் வாரத்தில் அந்தக் கடிதம் வந்து கட்டுக்குள் போய்விட்டால், ஒரு குடும்பத்தின் கொல்லை போச்சு. ஆகவே "வன உரிமைக் கோப்பு 1" என்று எழுதாதீர்கள். மனுதாரர் பெயர், மனு எந்தக் குழுவிடம் நிற்கிறது, எத்தனை தாள், கடைசிக் கடிதம் வந்த தேதி, அடுத்த கெடு எப்போது, இவ்வளவும் மனுவுக்கு மனு வேண்டும்.

சாவி விஷயம் சுருக்கமாக. மோட்டார் அறை, அலுவலகம், பீரோ என ஒவ்வொன்றுக்கும் எத்தனை சாவி, மாற்றுச் சாவி யாரிடம் என்று எழுதுங்கள். இன்று முக்கியமான சாவி பூட்டில் இல்லை. பணம் விடுவிக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இருக்கிறதே, அதுதான் சாவி. பழையவர் பெயரில் இருப்பதை வாங்கி வைத்தால் போதாது, ரத்து செய்யக் கேட்டு எழுதிய கடிதத்தின் நகலும் வேண்டும்.

"அதெல்லாம் செயலர் பார்த்துக்குவார் சார்" என்று என் பழைய மாணவர்களே சொல்கிறார்கள். செயலருக்கு மாறுதல் வராதா? அவர் மனசில் இருப்பதை எந்த அலுவலகம் ஆதாரமாக ஏற்கும்? "எண்ணிப் பார்த்தால் சந்தேகப்படுவதாக நினைப்பார்கள்" என்று இன்னொரு சமாதானம். மாமன் மச்சான் ஆனாலும் கல்யாண வீட்டில் மொய்யை நோட்டில் எழுதுகிறோமே, அது சந்தேகமா?

உங்களில் செயலர், வார்டு உறுப்பினர், ஒன்றிய அலுவலகப் பணியாளர் எல்லாரும் இருக்கிறீர்கள். குறிப்பை மூன்று பிரதி எடுங்கள். கொடுப்பவருக்கு ஒன்று, வாங்குபவருக்கு ஒன்று, அலுவலகக் கோப்புக்கு ஒன்று. காணாத பொருளைக் "காணவில்லை" என்றே எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள். அடுத்த கிராம சபையில் முழுவதையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மறுப்பு இருப்பவர்கள் கீழே எழுதலாம், பதில் சொல்கிறேன்.